விசுவமடுவுக்குப் போன பொதி: மூன்று முயற்சிகளில் எது உண்மை?

யாழ்ப்பாணத்தில் மருத்துவ உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் இருந்து எங்கள் கூரியர் நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளைக்கு ஒரு முறைப்பாடு வந்தது. விசுவமடுவுக்கு அனுப்பிய பிரஷர் பார்க்கிற மிசின் ஒன்று, கொடுக்கப்படாமல் கடைக்கே திரும்பி வந்திருந்தது. "மூன்று தடவை சென்றோம், பெறுநர் இல்லை" என்பது பதிவு. பெறவேண்டிய அம்மாவோ தான் அந்தக் கிழமை முழுக்க வீட்டை விட்டு அசையவில்லை என்கிறார். போதாக்குறைக்கு, திரும்பி வந்த பெட்டியில் மிசின் இருக்கிறது, கையில் சுற்றும் பட்டியைக் காணவில்லை. போன கூலி, திரும்பி வந்த கூலி இரண்டும் கடையின் கணக்கில் கழிக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான்: உங்கள் ஆள் உண்மையில் போனாரா?

முறைப்பாடுகளையும் திரும்பும் பொதிகளையும் பார்ப்பது என் வேலை. எங்கள் கிளையின் பரப்பு பெரியது. கண்டி வீதியில் பரந்தனில் இருந்து மாங்குளம் வரை ஒரு பக்கம். பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி ஏ35 வீதியால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று மறுபக்கம். கொழும்பில் ஒரு டெலிவரிப் பெடியன் ஒரு தெருவில் கொடுத்து முடிக்கிற பொதிகளுக்கு இங்கே அரை நாள் ஓடவேண்டும். ஒரு வீடு தவறினால் அடுத்த முறை அந்தப் பக்கம் போக இரண்டு நாள் ஆகலாம். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பின்னால் வருவது விளங்கும்.

பதிவு என்ன சொன்னது

முதலில் எங்கள் கணினியில் அந்தப் பொதியின் வரலாற்றை எடுத்தேன். தலைமை அலுவலகமும் கடைக்காரரும் பார்க்கிற பக்கத்தில் மூன்று வரிகள்தான் இருக்கும்: திகதி, நேரம், "பெறுநர் இல்லை". அதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது. உள்ளே இருக்கிற விரிவான பதிவை இறக்கினால்தான் ஏதாவது தெரியும். இந்த வழக்குக்கு வேண்டிய பகுதி இது:

```
day  device  server  dist_m  calls  status
Mon  11:38   12:21       18      1  FAILED CNA
Wed  17:46   17:46    17210      0  FAILED CNA
Thu  17:51   17:51    17210      0  FAILED CNA
Thu  17:52   17:52        -      -  RTO AUTO
```

`device` என்பது பெடியனின் போனில் பொத்தானை அழுத்திய நேரம். `server` என்பது அந்தச் செய்தி எங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம். `dist_m` என்பது பொத்தானை அழுத்திய இடத்துக்கும் பெறுநரின் முகவரிப் புள்ளிக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுத் தூரம், மீற்றரில். `calls` என்பது செயலியில் இருந்து எடுத்த அழைப்புகள். `CNA` என்றால் பெறுநர் இல்லை. கடைசி வரி, மூன்று தோல்விகள் சேர்ந்ததும் யாரும் கை வைக்காமலே பொதி திரும்பும் வரிசைக்குப் போனதைக் காட்டுகிறது.

திங்கட்கிழமை வரியைப் பாருங்கள். வீட்டில் இருந்து 18 மீற்றரில் நின்று பதிந்திருக்கிறார். போன் நேரத்துக்கும் கணினி நேரத்துக்கும் இடையில் 43 நிமிடங்கள். அந்த இடத்தில் டேட்டா இல்லை, திரும்பி வரும் வழியில் கவரேஜ் கிடைத்ததும் பதிவு தானாக ஏறியிருக்கிறது என்பதே இதன் அர்த்தம். ஆக, பெடியன் படலை வரை போனது உண்மை.

புதனும் வியாழனும் வேறு கதை. தூரம் 17 கிலோமீற்றருக்கு மேல். விசுவமடுவுக்கும் எங்கள் கிளைக்கும் வானத்தில் கோடு போட்டால் வருகிற தூரம் அது; வீதியால் போனால் இன்னும் கூட. இரண்டு நேரங்களும் ஒன்றே. அதே நாட்களில் அதே பெடியன் தோல்வி என்று பதிந்த மற்றப் பொதிகளை நேர வரிசையில் அடுக்கினேன். பரந்தனில் ஒன்று, கண்டாவளையில் ஒன்று, புளியம்பொக்கணையில் ஒன்று என்று வெவ்வேறு ஊர்களில் இருக்கும் வீடுகள், ஆனால் எல்லாமே பின்னேரம் ஐந்தே முக்காலுக்குப் பிறகு சில நிமிடங்களுக்குள், ஒரே இடத்தில் பதியப்பட்டிருந்தன. அந்த இடம் எங்கள் கிளையின் வாசல்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். பின்னேரம் கொத்தாக வந்து விழும் தோல்விகளைக் கண்டதும் "இருந்த இடத்தில் இருந்து பதிந்திருக்கிறான்" என்று பாய்ந்துவிடக் கூடாது. பழைய செயலிகள் சிலவற்றில் `server` நேரம் மட்டுமே இருந்தது. கவரேஜ் இல்லாத பாதையில் நாள் முழுக்க நேர்மையாக ஓடிய ஒருவர் மாலை கிளிநொச்சிக்கு வந்ததும் எல்லாப் பதிவும் ஒரே நேரத்தில் ஏறும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அதுவும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். இப்படி வீண்பழி சுமந்த பெடியன்கள் உண்டு. வித்தியாசத்தைக் காட்டுவது அந்த இரண்டு நேரங்களும், அழுத்திய நொடியில் எடுத்த இடமும்தான். அந்த இடமும்கூட புதிதாக எடுத்ததா, போன் ஞாபகத்தில் வைத்திருந்த பழைய இடமா என்று பார்க்கவேண்டும். ஜிபிஎஸ் வேலை செய்ய சிம் கவரேஜ் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். ஆனால் செயலி அவசரப்பட்டால் கடைசியாகத் தெரிந்த இடத்தையே பதிந்துவிடும். அதனால் இடத்தோடு அதன் துல்லியத்தையும், எப்போது எடுத்தது என்பதையும் சேமிக்கவேண்டும். இந்த வழக்கில் புதன், வியாழன் இரண்டிலும் இடம் அதே நிமிடத்தில் எடுக்கப்பட்டது. சந்தேகத்துக்கு வழியில்லை.

ஆகவே ஒரு முயற்சி உண்மை, இரண்டு பொய். ஒருவரும் போகவில்லை என்று கடைக்காரர் சந்தேகப்பட்டது முழுக்கச் சரியில்லை. கிளை "மூன்று தடவை போனோம்" என்றதும் சரியில்லை. அம்மாவைப் போனில் கேட்டபோது அவர் சொன்னதுதான் பதிவோடு அப்படியே பொருந்தியது: "ஒருநாள் ஒரு தம்பி வந்தவர். நம்பர் கேட்டார். என்னட்ட இல்லை எண்டன். போட்டார். பிறகு வரேல்ல."

அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். அப்படியானால் திங்கட்கிழமை ஏன் "பெறுநர் இல்லை"?

குறியீடு யாருக்குப் போனது

எங்கள் முறைப்படி, காலையில் பொதி பெடியனின் கைக்கு மாறியதும் பெறுநரின் போனுக்கு நான்கு இலக்கக் குறியீடு ஒன்று குறுஞ்செய்தியாகப் போகும். பொதியைக் கையில் வாங்கியதும் பெறுநர் அதைச் சொல்லவேண்டும். பெடியன் செயலியில் அடித்தால் "கொடுக்கப்பட்டது" என்று பொதி மூடும். பொதி கொடுக்கும்போது காசு வாங்கும் முறையில் காசே ஒரு சாட்சி. காசு கிளைக்கு வந்தால் பொதி யாரோ ஒருவர் கையில் சேர்ந்திருக்கிறது. ஆனால் இது முன்கூட்டியே காசு கட்டிய பொதி. குறியீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதால், குறியீடு இல்லாமல் மூடமுடியாதபடி செயலி பூட்டப்பட்டிருந்தது.

காசு கட்டியவர் ரொறன்ரோவில் இருக்கும் மகள். கடையோடு வாட்ஸ்அப்பில் பேசி, அங்கிருந்தே காசை அனுப்பியிருக்கிறார். கடையில் பொதிச் சீட்டு அடிக்கிற பிள்ளையிடம் அந்த நேரத்தில் இருந்தது மகளின் கனடா இலக்கம் மட்டும்தான். எங்கள் படிவமோ 07 என்று தொடங்கும் பத்து இலக்கங்களைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. இலக்கம் அடிக்கிற இடத்தை வெறுமனே விட்டாலும் சீட்டு அச்சாகாது. பிள்ளை கடையின் இலக்கத்தையே அடித்துவிட்டது. பிறகு மகள் குரல் செய்தியில் அம்மாவின் இலக்கத்தைச் சொன்னதும், அதை ஸ்டிக்கரில் பேனையால் எழுதி ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

விளைவு: குறியீடு கடையின் போனுக்குப் போனது. அந்தப் போனுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ மெசேஜ் வரும், யார் திறந்து பார்ப்பது? பெடியன் செயலியில் இருந்து எடுத்த ஒரே அழைப்பும் கடைக்கே போயிருக்கிறது, மறுமுனையில் எடுக்கவில்லை. பேனையால் எழுதிய இலக்கத்துக்குத் தன் சொந்த சிம்மில் இருந்து எடுத்துத்தான் அவர் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். ரெட்பானா சந்தியில் நின்று வழி கேட்டுப் போனாராம். அந்த அழைப்பு செயலியின் கணக்கில் இல்லை.

படலையில் நடந்தது இதுதான். அம்மா வெளியே வந்தார். பெடியன் குறியீடு கேட்டார். அம்மாவிடம் இல்லை. "மகளுக்கு வந்திருக்கும், கேட்டுச் சொல்லுங்கோ அம்மா" என்றிருக்கிறார். இங்கே காலை பதினொன்றரை என்றால் பெப்ரவரியில் ரொறன்ரோவில் இரவு ஒரு மணி. அம்மா எடுத்துப் பார்த்தார், மகள் நித்திரை. எடுத்திருந்தாலும் பயனில்லை, குறியீடு மகளுக்கும் போகவில்லையே.

பெடியனின் போனில் அப்போது இருந்த காரணங்கள் நான்கு: பெறுநர் இல்லை, முகவரி பிழை, வாங்க மறுத்தார், வேறு நாள் கேட்டார். நடந்தது இந்த நான்கிலும் இல்லை. பெறுநர் முன்னாலேயே நிற்கிறார், முகவரி சரி, அவர் மறுக்கவில்லை, வேறு நாள் கேட்கவும் இல்லை. நான்கில் ஆகக் குறைந்த தீங்கு எது என்று பார்த்து முதலாவதை அழுத்திவிட்டு வந்துவிட்டார். பொய்யான பதிவு இங்கேதான் தொடங்கியது. அதை எழுதவைத்தது எங்கள் செயலி.

புதனும் வியாழனும் அவர் போகாததற்குக் காரணத்தை அவரே சொன்னார். குறியீடு வராது என்று தெரிந்துபோயிற்று; திரும்ப அவ்வளவு தூரம் ஓடி வெறுங்கையோடு வரவேண்டும். கொடுத்த பொதிக்குத்தான் அவருக்குக் காசு, கொடுபடாத பொதிக்குப் பெற்றோலும் அவர் கையால். அதற்காகப் பொதியை ஒன்றும் பதியாமல் விடவும் முடியாது. மாலை ஆறு மணிக்கு நிலை பதியாத பொதி இருந்தால் கிளைக்குத் தலைமை அலுவலகம் புள்ளி குறைக்கும், கிளை அவரைத் திட்டும். "இன்றைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை" என்று அழுத்துவதற்குப் பொத்தானே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது உண்மை, ஆனால் அவருடைய இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் பதிவு இப்படித்தான் இருந்திருக்கும் என்பதும் உண்மை.

திரும்பிய பொதி

வியாழன் மாலை 17:52க்குத் திரும்பும் வரிசைக்குப் போன பொதி, யாழ்ப்பாணக் கிளையில் அடுத்த முறை ஸ்கேன் ஆனது பன்னிரண்டாம் நாள். இடையில் ஒரு பதிவும் இல்லை. எந்தக் கிளையிலும் திரும்பும் பொதிகளுக்கு ஒரு மூலை இருக்கும். போகும் பொதிகளை எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், திரும்பும் பொதிக்கு அழுவார் இல்லை.

கடையில் ஒப்படைத்தபோது ஏழு பொதிகளை ஒரே சாக்கில் இறக்கி, ஒரே தாளில் கடைப் பெடியனிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர் எண்ணினாரா, பெட்டிகளின் ஒட்டு உடைந்திருந்ததா என்று பார்த்தாரா, தெரியவழியில்லை. படம் ஒன்று கேட்டேன். "இருக்கு" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்து எடுத்துக் காட்டினார்கள்: ஏதோ ஒரு மேசையில் சில பெட்டிகள். ஸ்டிக்கர் வாசிக்கமுடியாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரம், இடம் போன்ற உள் விபரங்களையும் கழற்றிவிடும். குழுவில் வந்து விழுந்த நேரம் தெரியும், எடுத்த நேரம் தெரியாது. இந்த மாதிரிப் படம் மன ஆறுதலுக்கு மட்டும் உதவும்.

கைப்பட்டியை யார் எடுத்தது என்று கண்டுபிடிக்கமுடியவில்லை. கடை பொதியைக் கொடுத்தபோது நிறுத்த நிறை 740 கிராம் என்று எங்கள் பதிவிலேயே இருக்கிறது. திரும்பி வந்த பெட்டியைக் கடை நிறுத்தபோது 590. ஆனால் கடை நிறுத்தது திறந்து பார்த்த பிறகு. கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணக் கிளையிலோ திரும்பும்போது ஒருவரும் நிறுக்கவில்லை. எங்கள் மூலையில் போனதா, லொறியில் போனதா, கடை மேசையில் போனதா?

இப்படியான நேரத்தில் நான் பிடிக்கிற விதி ஒன்றுதான்: கடைசியாகச் சுத்தமான பதிவு யார் கையில் இருக்கும்போது எழுதப்பட்டதோ, அதற்குப் பிறகு நடந்ததற்கு அவர்தான் பொறுப்பு. கடை 740 கிராம் பொதியை எங்களிடம் தந்ததற்குச் சுத்தமான பதிவு உண்டு. நாங்கள் அதே பொதியைத் திருப்பித் தந்ததற்குச் சுத்தமான பதிவு இல்லை. ஆகவே கைப்பட்டியின் காசைக் கிளை கொடுத்தது. போன கூலி, வந்த கூலி இரண்டும் கடைக்குத் திரும்பின. திங்கள் ஓட்டத்துக்கான பெற்றோல் காசு பெடியனுக்குக் கிடைத்தது. புதன், வியாழன் பதிவுகளுக்கு எழுத்தில் எச்சரிக்கையும் கிடைத்தது. மகள் வேறு மிசின் ஒன்றை ஓடர் செய்து, அது அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

பிறகு மாற்றியவை

சீட்டுப் படிவத்தில் இப்போது இரண்டு இலக்கங்கள். ஒன்று வாங்கியவருடையது, எந்த நாட்டு இலக்கமும் போகும். மற்றது பொதியைக் கையில் வாங்குபவருடையது, அது 07 இலக்கமாகத்தான் இருக்கவேண்டும். குறியீடு இரண்டாவதற்குப் போகும். வாங்கியவருக்குப் பொதி புறப்பட்ட செய்தியும் கொடுத்த செய்தியும் மட்டும். விற்பவரின் சொந்த இலக்கத்தைப் பெறுநர் பெட்டியில் அடித்தால் படிவம் ஏற்காது. வன்னிக்கு வரும் முன்கட்டணப் பொதிகளில் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அனுப்புபவை நிறைய. காசு கட்டுபவரும் கதவைத் திறப்பவரும் ஒருவரே என்று நினைத்துச் செய்த படிவம் இங்கே எடுபடாது.

குறுஞ்செய்தியின் உருவமும் மாறியது. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி உடையாமல் ஒரே பகுதியாகப் போக 70 எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும். ஆங்கில எழுத்தில் என்றால் 160. அதிலும் 'கோ' என்பது கணினிக்கு ஒரு எழுத்தல்ல, 'க'வும் குறியுமாக இரண்டு. எங்கள் பழைய செய்தி வணக்கம், நிறுவனப் பெயர், நன்றி எல்லாம் சொல்லி மூன்று பகுதிகளாக உடைந்து, குறியீடு கடைசிப் பகுதியில் இருந்தது. கவரேஜ் மெல்லிய இடத்தில் ஒரு பகுதி முந்தி வரும், மற்றது பிந்தி வரும். தமிழ் எழுத்துரு இல்லாத பொத்தான் போன்களில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். இப்போது செய்தி இலக்கத்தோடுதான் தொடங்குகிறது: "4821 - பொதி கையில் கிடைத்த பின் மட்டும் சொல்லவும்." கட்டமாகத் தெரிகிற போனிலும் 4821 என்பது தெரியும்.

அந்தச் செய்தியில் "கையில் கிடைத்த பின்" என்று சொல்லியிருப்பது சும்மா இல்லை. சில பெடியன்கள் காலையிலேயே போன் எடுத்து "நம்பரைச் சொல்லுங்கோ அக்கா, பின்னேரம் கொண்டுவாறன்" என்று வாங்கிவிடுவார்கள். கொடுக்கும் எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், வேலை சுலபமாகட்டும் என்று. ஆனால் குறியீடு நிரூபிப்பது ஒன்றைத்தான்: அதை அறிந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறார். பொதி கை மாறியதை அது நிரூபிக்காது. குறியீடு அடித்த இடம் வீட்டில் இருந்து வெகுதூரம் என்றால் அந்தப் பொதியைத் தனியாகப் பார்க்கிறோம்.

குறியீட்டின் ஆயுளையும் வங்கியைப் பார்த்து வைக்கக் கூடாது. வங்கிக்கு ஐந்து நிமிடம் சரி. பொதிக்கு, கொடுபடும் வரையோ திரும்பும் வரையோ ஒரே குறியீடு இருப்பதுதான் நல்லது. நாளுக்கு நாள் மாற்றினால் பெறுநர் நேற்றைய மெசேஜை வாசிப்பார், செயலி பிழை என்னும், படலையில் வாக்குவாதம். நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் வாய்ப்புகள் இருப்பதால், பிழையாக அடிப்பதை ஐந்து தடவையோடு பூட்டினால் ஊகித்துத் திறக்கும் பயம் பெரிதாக இல்லை.

டேட்டா இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதில் நாங்கள் கொஞ்சம் இழுபட்டோம். சரியான குறியீட்டை முன்கூட்டியே பெடியனின் போனில் மறைத்து வைத்துச் சரிபார்க்கலாம் என்று செயலி செய்தவர்கள் சொன்னார்கள். எப்படி மறைத்தாலும் பத்தாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒரு போனுக்கு நேரம் எடுக்காது, அதனால் வேண்டாம் என்றேன். இப்போது செயலி அவர் அடிப்பதை நேரத்தோடும் இடத்தோடும் வாங்கி வைத்துக்கொள்ளும். கவரேஜ் வந்ததும் கணினி சரிபார்க்கும். பிழை என்றால் பொதி "சந்தேகம்" என்று நிற்கும், நான் பெறுநருக்குப் போன் எடுப்பேன். இதில் ஒரு ஓட்டை உண்டு: பிழை தெரியவரும்போது பெடியன் வீட்டை விட்டுப் போயிருப்பார். ஆனபடியால் டேட்டா இல்லாத இடத்தில் குறியீட்டோடு படமும் எடுக்கச் சொல்கிறோம்.

படத்துக்கு வருவோம். குறியீடு இல்லை என்று ஆனால் படம் எடுத்துக் கொடுக்கலாம் என்று அனுமதித்தோம். அதற்கு முன் செயலியில் இருந்து பெறுநரின் இலக்கத்துக்கு ஒரு அழைப்பாவது போயிருக்கவேண்டும். படம் செயலியின் கமராவால் மட்டுமே எடுக்கலாம், போனில் கிடக்கும் பழைய படத்தைப் போடமுடியாது. இரண்டு படங்கள்: ஒன்றில் ஸ்டிக்கரின் இலக்கம் வாசிக்கக்கூடியதாக, மற்றதில் பொதி பெறுநரின் கையில் இருக்க, பின்னால் வீடோ படலையோ தெரிய. முகம் வேண்டாம். அடையாள அட்டையைப் படம் எடுக்கவே கூடாது; முன்பு சிலர் எடுத்துக் குழுவில் போட்டார்கள், பொதி கொடுத்ததற்கு அடையாள அட்டையின் படம் ஊர் முழுக்கச் சுற்றவேண்டிய தேவை என்ன?

படத்தின் எல்லை எனக்குத் தெரியும். மூடிய படலையின் படம், அந்த நேரத்தில் அங்கே ஒரு படலை மூடியிருந்தது என்பதைக் காட்டும். கூப்பிட்டாரா, வீட்டுக்காரர் பின்வளவில் நின்றாரா என்பதைக் காட்டாது. அறுவடைக் காலத்தில் காலை பத்து மணிக்குப் போனால் பாதி வீடுகள் பூட்டித்தான் இருக்கும், எல்லோரும் வயலில். அந்த மாதங்களில் விவசாயக் கிராமங்களுக்குப் பின்னேர ஓட்டம் என்று மாற்றியது எந்தப் படத்தையும்விடத் தோல்விகளைக் குறைக்க உதவியது. அனுமதித்ததும் வேறொரு தலையிடியும் வந்தது. குறியீட்டுக்குக் காத்திருப்பதைவிடப் படம் சுலபம் என்று கண்டுகொண்ட சிலர் எல்லாப் பொதிக்கும் படமே எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவரின் பொதிகளில் படத்தால் மூடியவை மற்றவர்களைவிட மிகக் கூடுதலாக இருந்தால் கூப்பிட்டுக் கேட்கிறேன். விலை கூடிய முன்கட்டணப் பொதிக்குக் குறியீடு கட்டாயம், படம் போதாது.

தோல்விப் பதிவில் செய்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது. முன்பு காரணத்தை மட்டும் கேட்டோம். இப்போது முதல் கேள்வி: வீட்டுக்குப் போனீர்களா? "இல்லை" என்றால் நேரம் போதவில்லை, வண்டி பழுது, வெள்ளம் என்று தெரிவு செய்யலாம். அதற்குத் தண்டனையோ புள்ளிக் குறைப்போ கிடையாது, அது முயற்சியாகவும் எண்ணப்படாது. தலைமை அலுவலகத்தை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. "போகவில்லை என்று எழுத அனுமதித்தால் யார் போவான்?" என்றார்கள். அனுமதிக்காத காலத்திலும் போகவில்லைதானே, அது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். கார்த்திகை, மார்கழி மழையில் வாய்க்கால் பாதைகள் மூடும்போது இந்தப் பொத்தான் இல்லாவிட்டால் மாவட்டம் முழுக்கப் "பெறுநர் இல்லை" என்றுதான் பதிவு சொல்லும்.

"போனேன்" என்றால் இடம், நேரம், செயலி அழைப்பு மூன்றும் தானாக ஏறும். பிறகு காரணம். "பெறுநர் இருந்தார், குறியீடு இல்லை" என்பது தனிக் காரணமாகச் சேர்ந்தது. அதை அழுத்தியதும் கிளைக்குச் செய்தி வரும். நான் பெறுநரின் இலக்கத்தை விற்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்தி, மாற்றி, புதுக் குறியீடு அனுப்புவேன். பெடியன் அடுத்த வீட்டுக்குப் போய் வருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பெறுநர் தானாக வேறு நாள் கேட்டால் அது தோல்வி அல்ல, நாள் மாற்றம். மூன்று தோல்வி என்றதும் பொதி தானாகத் திரும்புவதையும் நிறுத்தினோம். உண்மையில் போன மூன்று முயற்சிகள் இருக்கவேண்டும், பெறுநருக்குக் கிளையில் இருந்து ஒருவர் பேசியிருக்கவேண்டும், விற்பவருக்கு ஒரு நாள் அவகாசத்தோடு அறிவித்திருக்கவேண்டும். அதன் பிறகே திரும்பும்.

திரும்பும் பொதிக்கு, மூலையில் வைக்கும் முன் நிறை பார்த்து, ஒட்டுத் தெரிய ஒரு படம். ஒவ்வொரு கிளையிலும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஸ்கேன். விற்பவரிடம் ஒப்படைக்கும்போது அவருக்கும் ஒரு குறியீடு உண்டு. ஏழு பொதிக்கு ஏழு குறியீடு கேட்டால் கடைக்காரர்கள் விரட்டுவார்கள் என்பதால், ஒரு சாக்குக்கு ஒரு குறியீடு. ஆனால் அந்தச் செய்தியில் எத்தனை பொதி என்றும் எந்தெந்த இலக்கம் என்றும் இருக்கும். நிறை வித்தியாசம் இருந்தால் அந்தப் பொதியைத் தனியே எடுத்து, இருவர் முன்னிலையில் திறப்பது. உள்ளே குறை என்றால் விற்பவர் 48 மணித்தியாலத்துக்குள் சொல்லவேண்டும்.

இன்னும் சரிவராத ஒன்று, பேனையால் எழுதும் இலக்கம். படிவத்தில் இடம் இருந்தும் சில கடைகள் சீட்டு அடித்து முடிந்த பிறகு வரும் இலக்கத்தை ஸ்டிக்கரிலேயே எழுதுகிறார்கள். அந்த இலக்கம் கணினிக்குத் தெரியாது, குறியீடும் அதற்குப் போகாது. இப்போது பொதிகளைப் பிரிக்கிற பிள்ளைகளிடம், ஸ்டிக்கரில் கையெழுத்தைக் கண்டால் பொதியைப் பெடியனிடம் கொடுக்காமல் என் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.